"அடமானம் கூடாது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?": ஒரு பவர் பத்திரத்தின் சுருக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிறு நகரத்தில் உரிமையியல் வழக்கறிஞராக இருக்கிறேன். இங்கே எழுதுவது 2022இல் என்னிடம் வந்த ஒரு பொது அதிகாரப் பத்திரத்தின் கதை. சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி ஊரையும் சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

அதிகாரம் கொடுக்க வந்தவர் 67 வயதான ஓர் அம்மா. கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் சிங்கப்பூரில் இருந்தார். மகளின் பிரசவத்துக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கேயே தங்கும் எண்ணத்தில் இருந்தார். அவர் பெயரில் மூன்று சொத்துகள்: கீழும் மேலும் வாடகைக்கு விட்ட மாடி வீடு, கணவர் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்த ஒரு ஏக்கர் அறுபது சென்ட் நஞ்சை, ஊருக்கு வெளியே ஒரு காலி மனை. நஞ்சையின் பட்டா இன்னும் கணவர் பெயரிலேயே இருந்தது. பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு ஒன்று முன்சீப் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளக் கொழுந்தனாரின் மகனை முகவராக நியமிக்க நினைத்தார். பத்திர எழுத்தர் ஒருவர் ஆறு பக்கத்தில் வரைவு தயாரித்துக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு என்றும் நாள் குறித்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலை அந்த அம்மா என் அலுவலகத்துக்கு வந்து கேட்டது இவ்வளவுதான்: "வக்கீல் ஐயா, நான் எதைக் கொடுக்கிறேன், எதைக் கொடுக்கவில்லை என்று ஒரு தாளில் எனக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் படிக்க வேண்டும்."

வரைவில் என்ன இருந்தது

பத்தொன்பது பத்திகள். பத்திர எழுத்தர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்ல. வைத்திருந்த பழைய மாதிரியில் பெயரையும், சொத்து விவரம் சொல்லும் தபசிலையும் மாற்றிக் கொடுத்திருந்தார். மனை வியாபாரத்துக்காக எழுதப்பட்ட மாதிரி என்பது படித்தவுடன் தெரிந்தது. வாடகை வசூல், வரி, மின்கட்டணம், பழுது பார்த்தல், பட்டா மாறுதல், வக்காலத்து கொடுத்து வழக்கு நடத்துதல் ஆகியவை முதல் எட்டுப் பத்திகளில் வந்தன. ஒன்பதாவது பத்தியில் "கிரய உடன்படிக்கை செய்யவும், முன்பணம் பெறவும், கிரயம் செய்து கொடுக்கவும்" என்று இருந்தது. பிறகு முகவர் தனக்குப் பதிலாக மறுமுகவரை நியமிக்கும் அதிகாரம், மூலப் பத்திரங்களைப் பெறவும் ஒப்படைக்கவும் அதிகாரம், "எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்" என்ற உறுதிமொழி ஆகியவை. கடைசிப் பத்தி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மேற்கண்டவை மட்டுமல்லாமல், நான் நேரில் இருந்தால் எவ்விதம் செய்வேனோ அவ்விதமே இதர சகல காரியங்களையும் செய்ய அதிகாரம் அளிக்கிறேன்.

அடமானம் என்ற சொல் ஆறு பக்கத்திலும் இல்லை. தானம், செட்டில்மென்ட், உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலை ஆகியவையும் இல்லை.

முதல் சுருக்கமும் அதன் தவறும்

அன்று இரவே ஒரு பக்கத்தில் சுருக்கம் எழுதினேன். இடப்பக்கம் "கொடுப்பவை", வலப்பக்கம் "கொடுக்காதவை". வரைவிலிருந்த அதிகாரங்களை எளிய தமிழில் இடப்பக்கம் எழுதினேன். வலப்பக்கத்தில் ஐந்து வரிகள் வந்தன; முதல் வரி "வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைக்கும் அதிகாரம் இல்லை" என்பது. எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அதிகாரப் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே படிக்கும் என்பது நிலைபெற்ற விதி. விற்கும் அதிகாரம் கொடுத்தால் அதற்குள் அடமானம் அடங்காது. கடைசியில் வரும் பொதுவான சொற்கள், முன்னால் சொல்லப்பட்ட காரியங்களை நிறைவேற்றத் துணையானவற்றுக்கு மட்டுமே பொருந்தும். புதிய அதிகாரம் எதையும் அவை உண்டாக்காது.

மறுநாள் காலை அந்தத் தாளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முன்னாள் பால்வாடி ஆசிரியை. ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே கேட்டார். வலப்பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"அடமானம் கூடாது என்று பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது ஐயா?"

"அது பத்திரத்தில் இல்லை அம்மா. சொல்லாததால், கொடுக்கவில்லை என்று பொருள்."

"நீங்கள் வக்கீல், உங்களுக்கு அது தெரியும். கடன் கொடுக்கிறவனுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருந்தும் எனக்குத் தோன்றாத ஒன்றை அவர் விரலால் தொட்டுக் காட்டிவிட்டார். நான் எழுதிய ஐந்து வரிகளும் வழக்கு நடந்து தீர்ப்பு வந்தால் உண்மையாகக்கூடியவை. ஆனால் பத்திரத்தை முதலில் படிக்கப்போகிறவர் நீதிபதி அல்லர். தனியார் கடன்காரர், தரகர், வாடகைக்கு வருகிறவர் எல்லாரும் அவருக்கு முன்பே படித்துவிடுவார்கள். அவர்கள் கண்ணில் "இதர சகல காரியங்களும்" என்ற சொற்கள் அகலமாகத்தான் தெரியும். மூலப் பத்திரங்களை ஒப்படைக்கும் அதிகாரம் வேறு தனியாக இருந்தது. சொத்துப் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் வாங்குவதே அடமானத்தின் ஒரு வகை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்து ஒருவர் பணம் கொடுத்துவிட்டால், அந்த அம்மா வழக்கில் ஜெயிக்கலாம். ஆனால் அந்த வழக்கைச் சிங்கப்பூரிலிருந்து நடத்த வேண்டியிருக்கும்.

என் சுருக்கம் வரைவில் இல்லாத ஒரு பாதுகாப்பை இருப்பதாகச் சொல்லி அவரை நிம்மதியாகக் கையெழுத்துப் போட வைத்திருக்கும். சுருக்கம் யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது பதிவான பத்திரம் மட்டுமே.

எடுத்த முடிவுகள்

அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இந்த முறை நான்கு பகுதிகள்: கொடுத்தது, வரம்போடு கொடுத்தது, வெளிப்படையாக மறுத்தது, பத்திரம் பேசாமல் விட்டது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பத்தி எண் எழுதினேன். எண் எழுத முடியாத வரி எதுவானாலும் அது நான்காவது பகுதிக்குப் போனது. முதல் சுருக்கத்தில் வலப்பக்கம் இருந்த ஐந்தும் அங்கே போய்ச் சேர்ந்தன; அவற்றோடு இன்னும் ஏழு வந்தன.

பிறகு அந்த அம்மாவும் நானும் உட்கார்ந்து, நான்காவது பகுதி காலியாகும்வரை ஒவ்வொரு வரியாக எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதைக் கொடுக்கிறீர்களா, மறுக்கிறீர்களா? பதில் எதுவாக இருந்தாலும் வரைவில் ஒரு வாக்கியமாக ஏறியது. அப்படித்தான் புதிய பத்தி ஒன்று பிறந்தது: தபசில் சொத்துகளையோ அவற்றின் எந்தப் பகுதியையோ கிரயம், கிரய உடன்படிக்கை, ஈடு, ஒத்தி, பத்திரங்களை ஒப்படைத்துச் செய்யும் அடமானம், தானம், செட்டில்மென்ட், பரிவர்த்தனை, விடுதலை ஆகிய எவ்வகையிலும் பராதீனம் செய்ய முகவருக்கு அதிகாரம் இல்லை, இதற்காக முன்பணம் பெறவும் அதிகாரம் இல்லை, கடைசிப் பத்தியின் பொதுச் சொற்களைக் கொண்டு இந்தத் தடையைத் தளர்த்திப் படிக்கக் கூடாது.

விற்கும் அதிகாரத்தை எடுத்துவிடுவதில் அவருக்கு முதலில் தயக்கம் இருந்தது. "அப்படியே யாராவது விற்க வந்தாலும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கேட்பார்களாமே, அப்போது எனக்குத் தெரிந்துவிடாதா?" என்று கேட்டார். முகவர் கிரயம் பதிய வரும்போது அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான மருத்துவர் சான்றைத் தமிழ்நாட்டில் கேட்பது உண்மைதான். ஆனால் அந்தச் சான்று அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டுமே சொல்லும். இந்த விலைக்கு, இந்த ஆளுக்கு விற்கச் சம்மதிக்கிறார் என்று அதில் இருக்காது. இதைச் சொன்னதும் தயக்கம் போய்விட்டது.

முகவராகப் போகிறவரையும் அன்று மாலை வரச்சொன்னேன். கொடுப்பவருக்காக எழுதிய சுருக்கத்தை வாங்குபவருக்கும் காட்டலாமா என்று யோசித்துத்தான் காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "விற்கிற அதிகாரம் எனக்கு வேண்டவே வேண்டாம் பெரியம்மா. நாளைக்கு ஏதாவது என்றால் பங்காளிகள் என் பெயரைத்தான் சொல்வார்கள்." அவருக்கும் பாதுகாப்பான பத்திரம் இதுதான் என்பதை அவரே புரிந்துகொண்டார்.

வரம்போடு கொடுத்தவற்றில் அதிக நேரம் பிடித்தது வழக்கு. வழக்கை நடத்தலாம், சமாதானம் செய்துகொள்ளவோ, வழக்கைத் திரும்பப் பெறவோ, நிலத்தில் ஓர் அடியை விட்டுக்கொடுக்கவோ அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று எழுதினோம். வீட்டை ஒவ்வொரு முறையும் பதினோரு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். வாடகை முழுவதும் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். பழுது வேலைக்கு ஒரு முறைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். மறுமுகவர் நியமனம் நீக்கப்பட்டது. மூலப் பத்திரங்கள் அவரும் மகளும் கூட்டாக வைத்திருந்த வங்கிப் பெட்டகத்துக்குப் போயின. பட்டா வேலைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தின் சான்றிட்ட நகல்கள் போதும்.

ரத்து செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியையும் நீக்கினோம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவுப்படி, அந்தச் சொத்திலேயே முகவருக்குச் சொந்த உரிமைநலன் இருந்தால்தான் அதிகாரத்தை அவர் நலனுக்கு எதிராக முடிக்க முடியாமல் போகும். இங்கே அவருக்கு அப்படி எதுவும் இல்லை. எனவே அந்த வாக்கியம் இருந்தாலும் ரத்து செய்யலாம். ஆனாலும் வைத்திருந்தால், சட்டம் தெரியாத ஒருவர் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார். அந்த அம்மாவே அப்படித்தான் நினைத்திருந்தார். அதிகாரத்துக்கு மூன்று ஆண்டு காலவரம்பு வைத்தோம்.

சுருக்கத்தின் அடியில் தனியாக ஒரு பகுதி சேர்த்தேன்: பத்திரத்தில் எழுதினாலும் கொடுக்க முடியாதவை. அவருக்காக முகவர் உயில் எழுத முடியாது. அவர் நேரில் அறிந்த செய்திகளுக்கு அவருக்குப் பதிலாகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடியாது. ஜானகி வாஸ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவர் இறந்தால் அதிகாரமும் அத்தோடு முடியும்.

மூன்றாவது வரியைப் படித்ததும் அவர் முகம் மாறியது. "எனக்குப் பிறகு தம்பி இதை வைத்து எல்லாவற்றையும் மகள் பெயருக்கு மாற்றிக் கொடுப்பான் என்றுதான் நினைத்திருந்தேன்." வரைவின் எந்தப் பத்தியிலும் இல்லாத இந்த நம்பிக்கைதான் அவரைப் பத்திர எழுத்தரிடம் அனுப்பியிருந்தது. அந்த வரியை எழுதியிருக்காவிட்டால் எங்களுக்கு இது தெரியவே வந்திருக்காது. அடுத்த வாரம் தனியாக ஓர் உயில் எழுதினோம்.

பதிவு வெள்ளிக்கிழமை நடக்கவில்லை. அடுத்த புதன்கிழமை நடந்தது. முந்தைய நாள் மாலை, பத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சுருக்கத்தைப் பார்க்காமல் அவருடைய சொற்களில் சொல்லச் சொன்னேன். கொடுத்தவற்றில் ஒன்றிரண்டு மறந்திருந்தார். மறுத்தவற்றில் ஒன்றைக்கூட மறக்கவில்லை. சுருக்கத்தின் தலையில் "இது பத்திரம் அல்ல; வேறுபாடு இருந்தால் பதிவான பத்திரமே செல்லும்" என்று எழுதி, அவருக்கும் மகளுக்கும் முகவருக்கும் ஒவ்வொரு படி கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்தவை

ஐந்தாம் மாதம் காலி மனைக்கு ஒரு தரகர் வந்தார். இரண்டு லட்சம் முன்பணம் தருவதாகவும் உடன்படிக்கையில் முகவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். முகவர் பத்திரத்தின் தடைப் பத்தியைக் காட்டினார். தரகர் தரப்பு வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்தப் பழைய வரைவே பதிவாகியிருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. முகவர் நேர்மையானவர். ஆனால் அன்று அவர் நேர்மையை மட்டும் நம்பி நிற்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஒன்பதாம் மாதம் வந்த சிக்கல் வேறு வகை. அதில் தவறு என்னுடையது.

மேல்மாடிக் குடித்தனக்காரர் காலி செய்து, புதியவர் வந்தார். வாடகை 9,000 ரூபாய். முன்பணமாக 50,000 ரூபாயை ரொக்கமாக முகவரிடம் கொடுத்தார். அப்போது மழையில் மாடித் தளம் ஒழுகியது, தண்ணீர் மோட்டாரும் எரிந்துபோனது. முகவர் அந்தப் பணத்தில் 31,000 ரூபாய்க்கு வேலை பார்த்து ரசீதுகளை வைத்துக்கொண்டார். மீதியைக் கையிலேயே வைத்திருந்தார். மூன்று மாதம் கழித்துத் தற்செயலாகக் குடித்தனக்காரரோடு பேசியபோதுதான் அம்மாவுக்கு முன்பணமே தெரிந்தது. மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது குரலில் கோபம் இருந்தது.

பத்திரத்தையும் சுருக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். "வாடகையைக் கணக்கில் செலுத்த வேண்டும்" என்று இரண்டிலும் இருந்தது. முன்பணம் இரண்டிலும் இல்லை. வாடகைக்கு விடும் அதிகாரம் இருப்பதால் முன்பணம் வாங்குவது அதற்குத் துணையான காரியமாகவே கொள்ளப்படும். குடித்தனக்காரரைப் பொறுத்தவரை அந்த 50,000 ரூபாயைத் திருப்பித் தரும் கடமை அம்மாவுடையது. பழுதுக்கான 10,000 ரூபாய் வரம்பு வாடகைப் பணத்துக்குத்தான் என்று முகவர் உண்மையாகவே எண்ணியிருந்தார். என்னென்ன செய்யலாம் என்று பத்தி பத்தியாகப் பார்த்த நான், ஒவ்வொரு காரியத்திலும் பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பின்தொடரவில்லை. மறுத்தவற்றின் மீதே கண் இருந்ததால், கொடுத்ததற்குள் இருந்த ஓட்டை தெரியாமல் போயிற்று.

மூவரையும் ஒரே அழைப்பில் பேசவைத்தேன். முகவர் ரசீதுகளை அனுப்பினார். அம்மா அவற்றை ஏற்பதாக எழுத்தில் தெரிவித்தார். மீதி 19,000 ரூபாய் அன்றே அவர் கணக்குக்குப் போனது. பதிவான பத்திரத்தை ஒரு கடிதத்தால் திருத்த முடியாது. ஆனால் அதிகாரம் கொடுத்தவர் இடும் கட்டளைப்படி முகவர் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 211ஆம் பிரிவு சொல்கிறது. அதன்படி, முன்பணம் உட்பட எந்தத் தொகையும் ரொக்கமாக வாங்கக் கூடாது, நேரே கணக்கில்தான் வர வேண்டும் என்று ஒரு கட்டளைக் கடிதம் எழுதி முகவருக்கு அனுப்பினோம். முகவருக்குக் கொடுத்த கட்டளை வெளியாருக்குத் தெரியாதவரை அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதால், இரண்டு குடித்தனக்காரர்களுக்கும் தனித்தனியே கடிதம் போனது.

இனி மாற்றிச் செய்வது

இப்போது சுருக்கம் எழுதும்போது, கொடுக்கும் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் வைக்கிறேன். இதனால் பணம் வருமா, வந்தால் யார் கணக்குக்கு? பணம் போகுமா, போனால் எவ்வளவு வரை கேட்காமல் போகலாம்? முன்பணம், குத்தகை நெல், பயிர்க் காப்பீட்டுத் தொகை, நீதிமன்றத்தில் கட்டிய தொகை, நிலத்தில் வெட்டிய மரத்தின் விலை என்று எதிர்பாராதவை எல்லாம் அந்தக் கட்டங்களை நிரப்பும்போதுதான் நினைவுக்கு வருகின்றன.

பதிவு நாள் குறித்த பிறகு வருகிறவர்களிடம் நாளைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். சுருக்கம் என்று கேட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் நேர்மையாகச் சுருக்கினால் வரைவே மாற வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் இல்லையென்றால் சுருக்கம் எழுத ஒப்புக்கொள்வதில்லை.

அந்த அம்மா இருபத்தாறு மாதங்கள் கழித்து ஊருக்குத் திரும்பினார். பட்டா அவர் பெயருக்கு மாறியிருந்தது. வரப்பு வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. அதிகாரத்தை ரத்து செய்ய வந்தபோது மடித்து மடித்துத் தேய்ந்துபோன சுருக்கத்தைப் பையிலிருந்து எடுத்தார். ரத்துப் பத்திரம் பதிவானால் மட்டும் போதாது. முகவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியும்போதும், வெளியாரைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரியும்போதும்தான் ரத்து செல்லும் என்கிறது 208ஆம் பிரிவு. யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு நாங்கள் புதிதாகப் பட்டியல் போடவில்லை. "கொடுத்தது" பகுதியை வரிவரியாகப் படித்து, அந்த வரிப்படி முகவர் யாரிடம் போயிருப்பார் என்று கேட்டோம். இரண்டு குடித்தனக்காரர்கள், நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், வழக்கை நடத்திய வழக்கறிஞர் என்று ஆறு கடிதங்கள் அன்று பதிவுத் தபாலில் போயின. ஏழாவதைக் கொழுந்தனார் மகனிடம் தானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி, அந்த அம்மா வாங்கிக்கொண்டார்.